ஜிஎஸ்டி நோட்டீஸ்: போர்ட்டலில் பதில் போடுவதா, நேரில் போவதா?

நேரில் போய் ஆபீசரிடம் விளக்கிவிட்டால் போதாதா? போர்ட்டலிலும் போட வேண்டுமா?

போர்ட்டலில் போட்டே ஆக வேண்டும். நேரில் போவது அதற்கு மேல் செய்கிற வேலை, அதற்குப் பதிலாகச் செய்வது அல்ல.

காரணம் எளிது. ஒவ்வொரு நோட்டீசுக்கும் போர்ட்டலில் ஒரு கேஸ் ஐடி உண்டு. நோட்டீஸ், உங்கள் பதில், இணைப்புகள், ஹியரிங் தேதி, கடைசியில் வரும் உத்தரவு எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குக் கீழே சேரும். உத்தரவு எழுதும் அதிகாரி அதைத் திறந்து பார்த்துத்தான் எழுதுகிறார். நீங்கள் வாயால் சொன்னதற்கு அங்கே இடமில்லை. நீங்கள் பேசிய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டால், புதிதாக வருபவருக்கு நீங்கள் வந்துபோனதே தெரியாது. அவர் கண்ணில் படுவது பதில் இல்லாத ஒரு கேஸ். "பலமுறை வாய்ப்பளித்தும் பதில் தாக்கல் செய்யவில்லை" என்ற வரி உத்தரவில் ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

எனக்கு வந்திருப்பது எந்த நோட்டீஸ் என்று எங்கே பார்ப்பது?

லாகின் செய்து இந்த வழியில் போங்கள்:

```
Services > User Services > View Additional Notices/Orders
```

"View Notices and Orders" என்று தனியாக இன்னொரு மெனு இருக்கிறது. அதை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பியவர்கள் ஏராளம். இரண்டையும் பாருங்கள். எஸ்எம்எஸ், மெயில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். பதிவு எடுத்துத் தந்த கன்சல்டன்டின் கைபேசி எண்ணே இன்னும் போர்ட்டலில் இருந்தால், செய்தி அவருக்குத்தான் போகும்.

படிவத்தின் பெயர்தான் அடுத்த வேலையைத் தீர்மானிக்கும். ஏஎஸ்எம்டி-10 என்றால் ரிட்டர்னில் முரண்பாடு இருப்பதாகச் சொல்லி விளக்கம் கேட்கிறார்கள். 30 நாளுக்குள் ஏஎஸ்எம்டி-11-இல் பதில் தர வேண்டும். டிஆர்சி-01ஏ என்றால் நோட்டீசுக்கு முந்தைய அறிவிப்பு. டிஆர்சி-01 வந்துவிட்டால் அது முறையான காரணம் கேட்கும் நோட்டீஸ், பதில் டிஆர்சி-06-இல். ஆர்இஜி-17 பதிவை ரத்து செய்யும் நோட்டீஸ். அதற்குக் கெடு 7 வேலை நாள்தான், ஆகவே மற்ற எதையும்விட அதை முதலில் கவனியுங்கள்.

ஒரு கேசுக்குப் போட்ட பதில் இன்னொரு கேசுக்குத் தானாகப் போகாது. ஏஎஸ்எம்டி-10-க்கு விரிவாகப் பதில் போட்டிருந்தாலும், அதே விஷயத்துக்கு டிஆர்சி-01 வந்தால் அது புதிய கேஸ் ஐடி. முழுப் பதிலையும் இணைப்புகளோடு மறுபடி போட வேண்டும். "ஏற்கெனவே பதில் தந்துவிட்டோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு விடுவது பெரிய தவறு.

போர்ட்டலில் பதில் போட்டால் என்னென்ன பதிவாகிறது?

பதிலின் குறிப்பு எண், தேதி, நீங்கள் எழுதியது, இணைத்த கோப்புகள், ஹியரிங் கேட்டீர்களா இல்லையா, யார் கையொப்பமிட்டது என்பவை. கேசின் நிலையும் மாறும். கையொப்பம் டிஜிட்டல் சான்றிதழ் மூலமாகவோ, அங்கீகரிக்கப்பட்டவரின் கைபேசிக்கு வரும் ஓடிபி மூலமாகவோ இருக்கும். அதனால் ஆடிட்டர் டைப் செய்து தந்தாலும், சட்டப்படி சொன்னது நீங்கள்தான்.

வழக்கமாகச் சறுக்கும் இடம் இந்தக் கடைசிப் படி. பதிலை எழுதி, கோப்பு ஏற்றி, ஓடிபி போடாமல் மூடிவிட்டால் அது தாக்கலான பதில் அல்ல. குறிப்பு எண் திரையில் வந்ததா என்பதுதான் அடையாளம். வந்த பிறகு கேசுக்குள் மறுபடி போய், "Replies" என்ற பகுதியைத் திறந்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தரவிறக்கிப் பாருங்கள். திறக்காத பிடிஎஃப், பக்கம் தலைகீழாக ஸ்கேன் ஆனது, போன வருடக் கோப்பு தவறி ஏறியது எல்லாம் அப்போதுதான் தெரியும். அந்தத் திரையைப் படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 300 பக்கம் பில் இருக்கிறது. போர்ட்டலில் ஏறாதே?

நான்கு கோப்பு, ஒவ்வொன்றும் 5 எம்பி என்பது வரம்பு. ஆகவே எது உள்ளே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் கோப்பு பதில் கடிதம். இரண்டாவது அட்டவணை: பில் எண், தேதி, சப்ளையரின் ஜிஎஸ்டி எண், வரித்தொகை, எந்த மாத ரிட்டர்னில் எடுத்தது, ஏன் வித்தியாசம். மூன்றாவதில் பெரிய தொகை பில்கள். நான்காவதில் வங்கிக் கணக்கு, லாரி ரசீது போன்ற துணை ஆதாரம். கறுப்பு வெள்ளையில், 150 டிபிஐ-இல் ஸ்கேன் செய்தால் 5 எம்பி-க்குள் நிறையப் பக்கம் அடங்கும். கைபேசியில் வண்ணத்தில் எடுத்தால் பத்துப் பக்கத்திலேயே நிரம்பிவிடும்.

மீதிப் பில்களை நேரில் கொடுங்கள். ஆனால் பதில் கடிதத்திலேயே "இணைப்பு 5 முதல் 9 வரையான ஆவணங்கள் அளவு காரணமாக நேரில் ஒப்படைக்கப்படுகின்றன" என்று பட்டியலோடு எழுதிவிடுங்கள். அந்த வரி இருந்தால் நேரில் கொடுத்த கட்டும் போர்ட்டல் பதிலின் ஒரு பகுதியாகிறது. இல்லாவிட்டால் அது அலுவலக அலமாரியில் இருக்கும் வெறும் காகிதக் கட்டு.

ஒரு கேசை வைத்துச் சொல்லுங்களேன். பதிலை எப்படிப் பிரித்து எழுதுவது?

ஒரு ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். 2022-23 நிதியாண்டுக்கு ஏஎஸ்எம்டி-10 வந்திருக்கிறது. மாத ரிட்டர்னான 3பி-யில் எடுத்த உள்ளீட்டு வரி ₹9,62,500. சப்ளையர்கள் போட்ட ரிட்டர்ன்களிலிருந்து போர்ட்டல் தரும் 2பி-யில் தெரிவது ₹7,78,000. வித்தியாசம் ₹1,84,500, அதை ஏன் கட்டக்கூடாது என்று கேட்கிறார்கள்.

கணக்கை எடுத்துப் பார்த்தால் இது மூன்று துண்டாகப் பிரிகிறது. ₹1,26,000, மார்ச் 2022 தேதியிட்ட பில்களுக்கானது. அவை முந்தைய நிதியாண்டின் மார்ச் 2பி-யில் இருக்கின்றன. சரக்கு ஏப்ரலில் வந்ததால் கடைக்காரர் ஏப்ரல் 3பி-யில் எடுத்தார். சரக்கு கைக்கு வந்த பிறகுதான் வரியை எடுக்க முடியும் என்பதால் இது சரியானதே. ஆதாரம்: மார்ச் 2022-இன் 2பி, லாரி ரசீது, இ-வே பில், சரக்கு வரவுப் பதிவேடு. அடுத்த ₹40,500, பதிவில்லாத லாரி சர்வீசுக்குக் கொடுத்த வாடகைக்கு, சப்ளையருக்குப் பதிலாகக் கடைக்காரரே ரிவர்ஸ் சார்ஜில் கட்டிய வரி. சப்ளையர் ரிட்டர்ன் போடாத இனம் என்பதால் 2பி-யில் வரவே வராது. ஆதாரம் அவருடைய 3பி-யிலேயே, 3.1(d) வரியில் இருக்கிறது. மீதி ₹18,000-க்குப் பதில் இல்லை. சப்ளையர் ரிட்டர்ன் போடவில்லை.

இந்த ₹18,000-ஐ ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, பணம் கட்டும் படிவமான டிஆர்சி-03-இல் கட்டிவிடுவது நல்லது. டிஆர்சி-01 வருமுன், ஏஎஸ்எம்டி-10 நிலையிலேயே வரியையும் வட்டியையும் கட்டினால் பிரிவு 73-இன் கீழ் அபராதம் இல்லை. வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். தவறாக எடுத்ததைப் பயன்படுத்தவும் செய்திருந்தால்தான் வட்டி. 2022 அக்டோபர் 20-இல் பயன்படுத்தி 2025 அக்டோபர் 20-இல் கட்டினால் மூன்று வருட வட்டி ₹9,720. அந்தக் காலம் முழுக்க கிரெடிட் லெட்ஜரில் ₹18,000-க்குக் குறையாத இருப்பு இருந்திருந்தால் வட்டியே வராது. லெட்ஜர் பிரதியை இணைத்து அதைக் காட்டலாம். டிஆர்சி-03 போடும்போது கட்டும் காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சும்மா "Voluntary" என்று போட்டுவிட்டால் இந்த நோட்டீசுக்கும் அந்தப் பணத்துக்கும் தொடர்பு இல்லாமல் போகும். கட்டியதன் ஏஆர்என் எண்ணைப் பதில் கடிதத்தில் எழுதுங்கள்.

இதே கடைக்காரர் நேரில் மட்டும் போயிருந்தால் என்ன ஆகும்? மூன்று துண்டையும் அழகாக விளக்கியிருப்பார். அதிகாரியும் தலையாட்டியிருப்பார். ஆனால் ஏஎஸ்எம்டி-12, அதாவது விளக்கம் ஏற்கப்பட்டது என்ற உத்தரவு, பதில் இல்லாத கேசில் எப்படிப் போட முடியும்? சில மாதத்தில் முழு ₹1,84,500-க்கும் டிஆர்சி-01 வரும். அதற்கும் பதில் இல்லையென்றால் வரி, வட்டி, அதோடு வரியில் 10 சதவீதம் அபராதம் சேர்த்துக் கட்டச் சொல்லும் உத்தரவு, டிஆர்சி-07.

கடிதத்தை ஆபீசில் கொடுத்துவிட்டேன். அது கணக்கில் வருமா?

எங்கே, எப்படிக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தால், வந்ததற்கு உங்களிடம் அடையாளம் எதுவும் இல்லை. தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரையும் சுருக்கொப்பமும் வாங்கியிருந்தால் அது நல்ல ஆதாரம். உத்தரவில் அதைப் பேசாமல் விட்டிருந்தால் மேல்முறையீட்டில் அந்தப் பிரதியைக் காட்டி வாதிடலாம். முத்திரை முதல் பக்கத்தில் மட்டும் விழும், எனவே அந்தப் பக்கத்திலேயே மொத்தப் பக்க எண்ணிக்கையையும் இணைப்புப் பட்டியலையும் எழுதியிருங்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்கக் கடிதம் மட்டும்தான் வந்தது, பில்கள் வரவில்லை என்று சொல்ல இடம் இருக்கும்.

கெடு இன்னும் முடியவில்லை என்றால் இன்றைக்கே அதே கடிதத்தை முத்திரை விழுந்த பிரதியோடு போர்ட்டலில் ஏற்றுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சில தணிக்கைக் கடிதங்களும் விளக்கம் கேட்கும் கடிதங்களும், குறிப்பாக மத்திய ஜிஎஸ்டி அலுவலகங்களிலிருந்து, மெயிலிலோ தபாலிலோ மட்டும் வரும். போர்ட்டலில் கேஸ் இருக்காது, பதில் போடவும் இடம் இருக்காது. அப்போது அலுவலகத்தின் அதிகாரப்பூர்வ மெயிலுக்குப் பதில் அனுப்பி, தபால் பிரிவிலும் முத்திரையோடு கொடுங்கள். அதற்கு முன், கடிதத்தின் அடையாள எண்ணான டிஐஎன் அல்லது ஆர்எஃப்என் உண்மையா என்று இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போலி நோட்டீஸ்களும் சுற்றுகின்றன.

டிஆர்சி-06-இல் "Personal Hearing" வேண்டுமா என்று கேட்கிறது. என்ன போடுவது?

"Yes" போடுங்கள். எழுதிக் கேட்டாலோ, உங்களுக்குப் பாதகமாக முடிவெடுக்க எண்ணினாலோ ஹியரிங் தர வேண்டும் என்கிறது பிரிவு 75(4). "No" என்று போட்டிருந்தாலும் பாதக முடிவுக்கு முன் வாய்ப்பு தந்தாக வேண்டும் என்று வாதிட இடமுண்டு, ஆனால் அதற்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டிவரும். ஒரு டிக் போட்டு அதைத் தவிர்க்கலாம்.

ஹியரிங் நாளில் அறையில் நடப்பதைவிட, அன்று எழுதப்படும் தாள்தான் முக்கியம். என்ன சொன்னீர்கள், என்ன ஆவணம் கொடுத்தீர்கள் என்று அதில் குறித்துக் கையெழுத்து வாங்குவார்கள். படித்துப் பார்த்துப் போடுங்கள். "ஆவணங்கள் தாக்கல் செய்யவில்லை, அவகாசம் கோரினார்" என்று எழுதியிருந்தால் அது ஒரு தள்ளிவைப்பாகக் கணக்காகும். சட்டப்படி மூன்று முறைக்கு மேல் தள்ளிவைக்க முடியாது. நீங்கள் கொடுத்த கட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், அதே தாளில் உங்கள் கையால் "ஆவணம் 1 முதல் 42 பக்கம் வரை இன்று ஒப்படைத்தேன்" என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்திடுங்கள். வீடியோவில் ஹியரிங் நடந்தால் பதிவுத் தாள் மெயிலில் வரும். தவறு இருந்தால் உடனே பதில் மெயிலில் சொல்லிவிட வேண்டும், மௌனம் சம்மதமாகிவிடும்.

வீடு திரும்பியதும், அன்று பேசியதைச் சுருக்கி ஒரு பக்கக் கடிதமாக அலுவலக மெயிலுக்கு அனுப்பிவிடுவது நல்ல வழக்கம். ஆடிட்டர்களில் அனுபவசாலிகள் இதை ஒருபோதும் விடமாட்டார்கள்.

வந்திருப்பது சம்மன். இதற்கும் போர்ட்டலில் பதில் போடலாமா?

இல்லை, அது வேறு வகை. பிரிவு 70-இன் கீழ் சம்மன் வந்தால், அதில் சொன்ன நாளில் ஆஜராக வேண்டும். நீங்களே வர வேண்டுமா, பிரதிநிதி வந்தால் போதுமா என்பதை அதிகாரி சொல்வார். அங்கே நீங்கள் சொல்வது வாக்குமூலமாகப் பதிவாகும். அந்த விசாரணைக்கு நீதிமன்ற நடவடிக்கைக்குச் சமமான தகுதி சட்டம் தருகிறது, பொய் சொன்னால் குற்றம்.

நேரில் போவதில் இவ்வளவு கனமான பதிவை விட்டுச்செல்வது இது ஒன்றுதான். நினைவில்லாத தொகையை உத்தேசமாகச் சொல்லாதீர்கள். "கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்" என்பது முழுமையான பதில், அதையே அப்படியே எழுதச் சொல்லுங்கள். கேட்ட ஆவணங்களைப் பட்டியலோடு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அன்று வர முடியாத நிலை என்றால், முன்கூட்டியே காரணத்தோடு எழுதி வேறு தேதி கேளுங்கள், போகாமல் இருந்துவிடாதீர்கள்.

போர்ட்டலில் எழுதுவது பின்னால் எனக்கே எதிராகத் திரும்பாதா?

திரும்பும். எழுத்தில் போனது அழியாது என்பது உங்களுக்கும் அதிகாரிக்கும் பொதுவானது. அதற்காக எழுதாமல் விடுவது தீர்வு அல்ல, எதை எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும். நோட்டீஸ் 2022-23-ஐக் கேட்டால் 2022-23-க்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "இதே முறையைத்தான் எல்லா வருடமும் பின்பற்றுகிறோம்" என்ற ஒரு வரி மற்ற வருடங்களுக்கும் நோட்டீஸ் வர வழி செய்யும். ஒப்புக்கொள்ளும் தொகையை எண்ணோடு எழுதி, "மீதியை முழுமையாக மறுக்கிறோம்" என்றும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பகுதியைக் கட்டியது முழுவதையும் ஒப்புக்கொண்டதுபோல் வாசிக்கப்படலாம்.

நோட்டீசில் இல்லாத காரணத்துக்காகவோ, நோட்டீசில் கேட்டதற்கு மேலான தொகைக்கோ உத்தரவு போட முடியாது என்கிறது பிரிவு 75(7). நேரில் பேசும்போது பேச்சு வேறு விஷயங்களுக்குத் தாவும். எழுத்து நோட்டீசின் எல்லைக்குள்ளேயே நிற்க உதவும்.

அப்படியானால் நேரில் போவதால் லாபமே இல்லையா?

இருக்கிறது. அதிகாரியின் உண்மையான சந்தேகம் என்ன என்று தெரியும். நோட்டீசில் வெறும் எண் வித்தியாசம்தான் இருக்கும், ஆனால் அவருக்கு ஒரு குறிப்பிட்ட சப்ளையர் மேல்தான் சந்தேகமாக இருக்கலாம். அது தெரிந்தால் பதிலை அங்கே வலுவாக்கலாம். கடை இருக்கிறதா என்ற சந்தேகத்தில் வந்த ஆர்இஜி-17 போன்றவற்றில், வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது அசல்களோடு நேரில் போவது வேலையைச் சுருக்கும்.

முதலில் பதிலைப் போட்டுவிட்டு, குறிப்பு எண்ணையும் அச்செடுத்த பிரதியையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இணைப்பு அவர்கள் பக்கம் திறக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடலாம். கெடு நெருக்கமாக இல்லாவிட்டால் மட்டும், பதிலுக்கு முன்னால் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு எழுதலாம்.

நோட்டீசைப் பார்க்கவே இல்லை. பதில் போடாமல் உத்தரவு வந்துவிட்டது. இனி?

உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஏபிஎல்-01 படிவத்தில் மேல்முறையீடு. தகுந்த காரணம் இருந்தால் மேலும் ஒரு மாதம் அனுமதிக்கலாம். மறுக்கும் வரியில் 10 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். மேலே சொன்ன கடைக்காரர் முழு ₹1,84,500-ஐயும் மறுத்தால் ₹18,450.

சிக்கல் ஆவணங்களில் வருகிறது. முன்பு காட்டாத ஆதாரத்தை மேல்முறையீட்டில் புதிதாகக் காட்ட விதி 112 எளிதில் விடாது. அதிகாரி வாங்க மறுத்தார், போதிய காரணத்தால் தர முடியவில்லை, போதிய வாய்ப்பே தரவில்லை என்று ஏதாவது ஒன்றை நிறுவ வேண்டும். முத்திரை விழுந்த பிரதி, பதிவுத் தாளில் கையால் எழுதிய வரி, ஹியரிங் முடிந்து அனுப்பிய மெயில் எல்லாம் இங்கேதான் உதவும்.

நோட்டீசைப் போர்ட்டலில் ஏற்றுவதும் அதை உங்களிடம் சேர்ப்பிக்கச் சட்டம் ஏற்கும் ஒரு முறைதான், ஆகவே "பார்க்கவில்லை" என்பது தானாகத் தற்காப்பு ஆகாது. ஆனாலும் போர்ட்டலில் மட்டும் ஏற்றி, பதிலே வராதபோது வேறு வழியில் தெரிவிக்காமல் போட்ட பல உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, வரியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லி மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. அந்தப் பங்கு சில உத்தரவுகளில் 10 சதவீதம், சிலவற்றில் 25 சதவீதம். ரிட் மனுவுக்கான செலவு தனி.

கடைசி நாளில் போர்ட்டல் ஸ்தம்பித்துவிட்டது. என்ன செய்வது?

தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி பிழைத் திரையைப் படமெடுங்கள். ஜிஎஸ்டி உதவி மையத்தில் புகார் பதிந்து டிக்கெட் எண் வாங்குங்கள். அன்றைக்கே முழுப் பதிலையும் அதிகாரியின் அலுவலக மெயிலுக்கு அனுப்பி, அலுவலகம் திறந்திருந்தால் தபால் பிரிவிலும் கொடுங்கள். மறுநாள் போர்ட்டல் ஏற்றுக்கொண்டால் உடனே ஏற்றி, தாமதத்துக்கான காரணத்தையும் டிக்கெட் எண்ணையும் கடிதத்தின் முதல் பத்தியில் எழுதுங்கள். உத்தரவு இன்னும் எழுதப்படவில்லை என்றால் தாமதமான பதிலையும் பெரும்பாலான அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள். பதில் போடும் வசதியே மூடியிருந்தால், அந்தத் திரையையும் படமெடுத்து, அவகாசம் கேட்டு எழுதியதோடு சேர்த்து தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள்.